நேற்றைய டிஸ்கிலிருந்து ஒரே ஒரு கோப்பு

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு சிவகாசியிலிருந்து போன் வந்தது. ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பங்கள் வெளியாகிவிட்டால், அதிலிருந்து மார்கழி வரைக்கும் அங்கே அச்சகங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அப்படிப்பட்ட நாட்களில் ஒன்று அது.

“தம்பி, ரேட் ஃபைலைத் திறந்தா பன்னிரண்டு வரிதான் இருக்கு. மத்ததெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. நேத்து எடுத்து வச்சது இருக்கும்ல, அதைத் தூக்கிப் போட்டுரலாமா?”

“வேண்டாம் அண்ணாச்சி. எதையும் தொடாம வைங்க. காலையிலிருந்து எத்தனை ஆர்டர் ஏத்தியிருக்கீங்க?”

இருபத்துநான்கு என்றார். முந்தின நாளில் முப்பத்தேழு. ஆக, “தூக்கிப் போட்டுரலாமா” என்ற கேள்விக்கு விலை அறுபத்தொரு ஆர்டர்.

அந்த அச்சகத்தின் சர்வர் கடையில் இல்லை. அமேசான் வெப் சர்வீசஸின் மும்பை மையத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு மெய்நிகர் சர்வர். அதில் இரண்டு டிஸ்க்குகள். ஒன்று 20 ஜி.பி., இயங்குதளத்துக்கு. இன்னொன்று 200 ஜி.பி., அச்சகத்தின் சொத்து முழுவதும் அதில்தான்: ஆர்டர்களைக் காக்கும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம், காலண்டர் டிசைன்கள், காகிதம், அச்சு, பைண்டிங் என எல்லாவற்றுக்கும் விலை போட்டிருக்கும் அந்த ரேட் கோப்பு. தினமும் ஒருமுறை இந்த டிஸ்க்கை ஸ்நாப்ஷாட் எடுக்கும்படி அட்டவணை போட்டிருந்தோம். அந்த அட்டவணையைப் பதிந்தவன் நான். அதில் இருந்த பிழை அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஸ்நாப்ஷாட் என்பது கோப்புகளின் நகல் அல்ல. இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஒரு தடித்த பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் யாருடைய கணக்கு எந்தப் பக்கத்தில் என்று தெரிந்தவர் கணக்கப்பிள்ளை. படம் பிடிக்க வந்தவருக்கு அது தெரியாது. அவர் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். டிஸ்க்கும் இப்படித்தான் சிறுசிறு கட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. ஸ்நாப்ஷாட் அந்தக் கட்டங்களைப் பிடித்து வைக்கிறது. எந்தக் கட்டத்தில் ரேட் கோப்பு, எதில் ஆர்டர் என்பது அதற்குத் தெரியாது. தெரிந்தது அந்த டிஸ்கில் இருக்கும் கோப்பு முறைமைக்கு, அதாவது கணக்கப்பிள்ளைக்கு மட்டும்.

முதல் ஸ்நாப்ஷாட்டில் எழுதப்பட்ட கட்டங்கள் எல்லாம் போய்ச் சேரும். அடுத்த நாளிலிருந்து மாறிய கட்டங்கள் மட்டும். அதனால்தான் 200 ஜி.பி. டிஸ்க்கைத் தினமும் பிடித்து வைத்தாலும் செலவு கட்டுக்குள் நிற்கிறது. மாறாத பக்கங்களுக்கு, பழைய படத்தையே புதிய ஸ்நாப்ஷாட்டும் சுட்டிக்காட்டும். பழையதை அழித்தால் புதியவை உடைந்துவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். உடையாது. மற்ற ஸ்நாப்ஷாட்டுகளுக்குத் தேவைப்படும் கட்டங்களை அமேசானின் முறை வைத்துக்கொண்டு, வேறு எதற்கும் தேவையில்லாதவற்றை மட்டும் நீக்கும். எந்த ஸ்நாப்ஷாட்டை எடுத்தாலும், அந்த நொடியில் டிஸ்க் எப்படி இருந்ததோ அப்படியே முழு டிஸ்க்காக அதை விரிக்கலாம்.

முழு டிஸ்க்காகத்தான் விரிக்க முடியும் என்பதையும் இங்கேயே கவனிக்க வேண்டும். பேரேடு முழுவதும் திங்கட்கிழமைக்குப் போனால் ரேட் கோப்பு மட்டும் போகாது. ஆர்டர்களும் டிசைன்களும் சேர்ந்துதான் போகும். சில சேவைகளில் “மீட்டெடு” என்று ஒரே பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் இப்போதுள்ள டிஸ்க்கின் மேலேயே பழையதை எழுதிவிடும். பதற்றத்தில் கை முதலில் அங்கேதான் போகும்.

ஒரு கோப்பு மட்டும் வேண்டுமென்றால் வழி வேறு. பழைய ஸ்நாப்ஷாட்டிலிருந்து புதிதாக இரண்டாவது டிஸ்க் ஒன்றை உருவாக்கி, அதை ஓடிக்கொண்டிருக்கும் அதே சர்வரில் பக்கத்தில் மாட்டி, வேண்டிய கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, கழற்றிவிட வேண்டும். நடப்பு டிஸ்க்கில் ஆர்டர் ஏறிக்கொண்டே இருக்கும். யாரையும் நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று செய்ததைச் சொல்கிறேன். அமேசானின் நிர்வாகத் திரையில் ஸ்நாப்ஷாட் பட்டியலைத் திறந்தேன். அன்று காலை 9.47க்கு எடுத்தது ஒன்று, திங்கள் காலை 9.41க்கு எடுத்தது ஒன்று, அதற்கு முந்தையவை கீழே. செவ்வாயன்று எடுத்ததைத் தேர்ந்து, அதிலிருந்து ஒரு வால்யூம் உருவாக்கச் சொன்னேன். அப்போது ஒன்றைச் சரியாகக் கொடுக்க வேண்டும். மும்பை மையத்துக்குள்ளேயே தனித்தனி மண்டலங்கள் உண்டு. சர்வர் `ap-south-1a` மண்டலத்தில் இருந்தால் புதிய வால்யூமும் அதே மண்டலத்தில் பிறக்க வேண்டும். வேறு மண்டலத்தில் உருவாக்கினால், மாட்டும்போது அந்த சர்வர் பட்டியலிலேயே வராது. ஏன் வரவில்லை என்று அரை மணி நேரம் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஓரிரு நிமிடத்தில் வால்யூம் தயார். சர்வரில் மாட்டிவிட்டு, உள்ளே நுழைந்து இவற்றைக் கொடுத்தேன்:

```
lsblk -f
sudo mkdir /mnt/snap
sudo mount -o ro /dev/nvme2n1 /mnt/snap
```

முதல் வரி, எந்த டிஸ்க் எந்தப் பெயரில் வந்திருக்கிறது என்று காட்டும். அதைப் பார்க்காமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. நடப்பு டிஸ்க் `nvme1n1`, புதிதாக வந்தது `nvme2n1` என்று அன்று இருந்தது. எல்லா சர்வரிலும் இதே பெயர் வரும் என்று சொல்ல முடியாது. மூன்றாவது வரியில் உள்ள `ro`, படிக்க மட்டும் என்று பொருள்படும். பழைய டிஸ்க்கிலிருந்து எடுப்பதுதான் வேலை. தவறியும் அதில் எழுதிவிடாமல் இது காக்கும்.

கோப்பு முறைமை எக்ஸ்எஃப்எஸ் ஆக இருந்தால் இந்த இடத்தில் மவுண்ட் ஆகாமல் பிழை வரும். காரணம் எளிது. ஒவ்வொரு கோப்பு முறைமைக்கும் ஓர் அடையாள எண் உண்டு. ஸ்நாப்ஷாட்டிலிருந்து பிறந்த டிஸ்க், கட்டத்துக்குக் கட்டம் அச்சுநகல் என்பதால் அந்த எண்ணும் அதே எண். ஒரே அடையாளத்தோடு இருவர் ஒரே வீட்டில் நிற்பதை எக்ஸ்எஃப்எஸ் ஏற்றுக்கொள்ளாது. அப்போது `ro` என்பதற்குப் பதில் `ro,nouuid` என்று கொடுத்தால் ஏற்கும். லினக்ஸில் அதிகம் புழங்கும் இன்னொன்றான ஈஎக்ஸ்டி4 இந்தத் தடையைப் போடாது. ஆனால் அதில் வேறோர் ஆபத்து உண்டு. இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருக்கும்போது சர்வரை அணைத்துத் திறந்தால், அடையாள எண்ணை வைத்துத் தேடும் இயங்குதளம் பழைய டிஸ்க்கை எடுத்து `/data` இடத்தில் வைத்துவிடக்கூடும். எல்லாம் சரியாகத் தெரியும், ஆர்டர்கள் மட்டும் பழையவையாக இருக்கும். ஆகவே வேலை முடிந்தவுடன் கழற்றிவிட வேண்டும்; அதுவரை சர்வரை ரீஸ்டார்ட் செய்யக் கூடாது.

கோப்பைத் திறந்து பார்த்தேன். பன்னிரண்டே வரிகள்.

காலை ஒன்பதே காலுக்கு அலுவலகத்தில் ஒரு பையன், மதுரைக்காரர் ஒருவருக்கு விலைப்பட்டியல் அனுப்ப ரேட் கோப்பைத் திறந்திருக்கிறான். அவருக்கு வேண்டிய பன்னிரண்டு வரியை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட்டு, வேறு பெயரில் சேமிப்பதற்குப் பதிலாக அப்படியே சேமித்துவிட்டான். ஒன்பதே முக்காலுக்கு ஸ்நாப்ஷாட் வந்து, பழுதான கோப்பையே பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டது.

இப்போது என் பிழை. இரவில் யாரும் வேலை செய்யாத நேரம் அதிகாலை 4 மணி. அப்போது ஸ்நாப்ஷாட் எடுக்க வேண்டும் என்று அட்டவணையில் `04:00` என்று பதிந்திருந்தேன். அந்தப் பெட்டியில் கேட்கப்படுவது உலகப் பொது நேரம், யு.டி.சி. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நான் பதிந்த 4 மணி, சிவகாசியில் காலை ஒன்பதரை. குறித்த நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஸ்நாப்ஷாட் தொடங்கும் என்பதுதான் அந்தச் சேவையின் உறுதி. அதனால்தான் ஒருநாள் 9.41, மறுநாள் 9.47. அதிகாலை 4 மணி வேண்டுமென்றால் பதிய வேண்டியது `22:30`. வாரம் ஒருமுறை அட்டவணை போடுபவர்கள் கிழமையையும் பார்க்க வேண்டும்: நம் ஞாயிறு அதிகாலை 4 மணி, அந்தத் திரையில் சனிக்கிழமை இரவு பத்தரை.

பல மாதம் ஸ்நாப்ஷாட்டுகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. பட்டியலில் பச்சையாகத் தெரிந்தன. யாரும் எதையும் தொலைக்காதவரை நேரம் தவறு என்று தெரிய வழியே இல்லை. அட்டவணை சரியா என்று பார்க்க ஒரே வழி, எடுத்த ஸ்நாப்ஷாட்டின் நேரத்தை நம் கடிகாரத்தில் வாசித்து, “இந்த நேரத்தில் கடையில் என்ன நடக்கிறது” என்று கேட்டுக்கொள்வது. நான் அதைச் செய்திருக்கவில்லை.

செவ்வாய் டிஸ்க்கைக் கழற்றினேன். திங்கள் 9.41 ஸ்நாப்ஷாட்டிலிருந்து இன்னொன்று உருவாக்கி, அதே முறையில் மாட்டினேன். இம்முறை கோப்பு முழுதாக இருந்தது.

```
sudo cp -p /mnt/snap/rates/rates.xlsx \
  /data/rates/rates-monday.xlsx
sudo umount /mnt/snap
```

பழுதான கோப்பின் மேலேயே எழுதாமல் வேறு பெயரில் வைத்ததைக் கவனியுங்கள். மீட்டது சரிதானா என்று அண்ணாச்சி திறந்து பார்த்துச் சொல்லும்வரை பழுதானதும் இருக்கட்டும். அதில் யாராவது காலையில் புதிதாக ஒரு விலை போட்டிருக்கலாம். `-p` என்பது கோப்பின் தேதியையும் உரிமைகளையும் அப்படியே காக்கும். அது இல்லாவிட்டால் கோப்பு வந்துசேரும், ஆனால் அலுவலகத்தில் யாராலும் அதில் எழுத முடியாமல் போகலாம்.

இனி முழு வால்யூமை மீட்பது பற்றி. அதற்கும் தருணம் உண்டு. மென்பொருளைப் புதுப்பித்தபோது தரவெல்லாம் குழம்பிவிட்டது, கோப்பு முறைமையே சிதைந்துவிட்டது, பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டது என்றால், ஒவ்வொரு கோப்பாகப் பொறுக்கிக்கொண்டிருக்க முடியாது. எந்தக் கோப்பெல்லாம் கெட்டது என்று பட்டியல் போட முடிகிறதா என்பதுதான் நான் வைத்திருக்கும் அளவுகோல். பட்டியல் போட முடிந்தால் கோப்பு மீட்பு. முடியாவிட்டால் வால்யூம் மீட்பு.

அதிலும் பழையதன் மேல் எழுத வேண்டாம். கெட்டுப்போன நிலையையே முதலில் ஒரு ஸ்நாப்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நல்ல ஸ்நாப்ஷாட்டுக்குப் பிறகு ஏறிய ஆர்டர்கள் அதில்தான் இருக்கின்றன. பின்னால் அவற்றை எடுத்துச் சேர்க்க வேண்டிவரும். அதன் பிறகு மென்பொருளை நிறுத்தி, பழைய டிஸ்க்கைக் கழற்றி, ஸ்நாப்ஷாட்டிலிருந்து பிறந்த புதிய டிஸ்க்கை அதே இடத்தில் மாட்ட வேண்டும். பழையதை ஒரு வாரமாவது அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

மாட்டிய பிறகு பலரைத் திகைக்க வைக்கும் விஷயம் வேகம். 200 ஜி.பி. டிஸ்க் ஓரிரு நிமிடத்தில் “தயார்” என்று வந்துவிடும். ஆனால் அதன் கட்டங்கள் அப்போது இன்னும் வந்து சேர்ந்திருக்காது. ஸ்நாப்ஷாட்டுகள் எஸ்3 என்ற தனிக் கிடங்கில் இருக்கின்றன. ஒரு கட்டத்தை முதன்முதலில் கேட்கும்போதுதான் அது அங்கிருந்து எடுத்து வரப்படும். இரண்டாம் முறை முதல் வழக்கமான வேகம். ஒரு கோப்பை மட்டும் எடுப்பவருக்கு இது வரம், ஏனென்றால் சில நூறு கட்டங்கள் வந்தால் போதும். முழு டிஸ்க்கையும் நம்பி ஓடும் தரவுத்தளத்துக்கு இது சோதனை. திரையெல்லாம் மந்தமாக, சர்வரே கெட்டுவிட்டதோ என்று தோன்றும். அவகாசம் இருந்தால், ஆட்களை உள்ளே விடுவதற்கு முன் டிஸ்க் முழுவதையும் ஒருமுறை வாசித்துவிடலாம்:

```
sudo dd if=/dev/nvme1n1 of=/dev/null bs=1M
```

இது வாசித்துக் குப்பையில் போடும் கட்டளை. டிஸ்க்கில் எதையும் எழுதாது. `if`, `of` இரண்டையும் இடம் மாற்றாமல் அடிப்பது மட்டும் முக்கியம். 200 ஜி.பி.க்குக் கணிசமான நேரம் பிடிக்கும். காசு கொடுத்தால் இந்தக் காத்திருப்பே இல்லாமல் செய்யும் வசதியும் உண்டு. ஆனால் அதை முன்கூட்டியே அந்த ஸ்நாப்ஷாட்டுக்கு இயக்கி வைத்திருக்க வேண்டும்.

முழு மீட்புக்குப் பிறகு வரும் இன்னொரு சிக்கல் சத்தமே போடாதது. அட்டவணை எந்த டிஸ்க்கைப் படம் பிடிக்க வேண்டும் என்பதை, டிஸ்க்கில் ஒட்டியிருக்கும் ஒரு குறிச்சொல்லை வைத்துத்தான் அறிகிறது. எங்கள் டிஸ்க்கில் `backup=daily` என்று ஒட்டியிருந்தோம். ஸ்நாப்ஷாட்டிலிருந்து புதிய வால்யூம் உருவாக்கும்போது அந்தக் குறிச்சொல்லை நாம்தான் மறுபடி ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் அட்டவணை புதிய டிஸ்க்கைக் கண்டுகொள்ளாது. கழற்றிப் போட்ட பழைய டிஸ்க்கைத் தினமும் அதிகாலையில் விடாமல் படம் பிடித்துக்கொண்டிருக்கும். பட்டியலில் தேதிகள் புதிதாக வந்துகொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. அந்தத் தேதிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் வால்யூம் எண், இப்போது ஓடும் டிஸ்க்கின் எண்தானா என்று பார்த்தால் மட்டுமே தெரியும்.

கோப்புக்கும் முழு டிஸ்க்குக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது: தரவுத்தளம். ஆர்டர் அட்டவணையில் ஒரு பகுதி மட்டும் அழிந்துபோனால், மைஎஸ்க்யூஎல் அதற்கென வைத்திருக்கும் கோப்பை ஸ்நாப்ஷாட்டிலிருந்து எடுத்து நடப்பு இடத்தில் போட்டுவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் தரவுத்தளம் கோளாறாகும். அந்தக் கோப்பு தனியாக நிற்பதல்ல. பக்கத்துக் கோப்புகளில் உள்ள குறிப்புகளோடும் பதிவேடுகளோடும் கணக்கு ஒத்துப்போக வேண்டும். அதற்கு, ஸ்நாப்ஷாட்டிலிருந்து பிறந்த டிஸ்க்கைத் தனியாக ஒரு சிறிய சர்வரில், இம்முறை எழுதவும் அனுமதித்து மாட்டி, அங்கே அதே பதிப்பு மைஎஸ்க்யூஎல்லை ஓடவிட்டு, வேண்டிய அட்டவணையை மட்டும் `mysqldump` கொண்டு எடுத்து வர வேண்டும்.

அங்கே தரவுத்தளம் எழுந்திருக்குமா என்று கேட்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கைப் படம் பிடித்தால் கிடைப்பது, திடீரென்று கரண்ட் போனால் டிஸ்க் எந்த நிலையில் இருக்குமோ அந்த நிலை. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி கரண்ட் போவதற்குத் தயாராகவே கட்டப்பட்டது. தன் பதிவேட்டைப் படித்து, முடிந்த வேலையை நிறைவேற்றி, பாதியில் நின்றதைத் திருப்பிவிட்டு எழுந்துவிடும். இது தரவும் பதிவேடும் ஒரே டிஸ்க்கில் இருக்கும்வரை சரி. இரண்டு டிஸ்க்கில் பிரித்து வைத்து, இரண்டையும் தனித்தனி நொடியில் படம் பிடித்தால் ஒன்றோடொன்று ஒட்டாது. அப்படி வைத்திருப்பவர்கள், சர்வரின் எல்லா டிஸ்க்குகளையும் ஒரே நொடியில் பிடிக்கும் முறையைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

எத்தனை நாள் வைத்திருப்பது என்பதையும் அன்று மாற்றினோம். ஏழு ஸ்நாப்ஷாட்டுகள் வைத்துக்கொண்டு எட்டாவது வரும்போது பழையது அழியும்படி இருந்தது. ரேட் கோப்பு தினமும் திறக்கப்படுவது. ஆறு மணி நேரத்தில் பழுது தெரிந்துவிட்டது. ஆனால் போன வருட டிசைன் ஒன்றை யாராவது அழித்துவிட்டால், அந்தக் கட்சிக்காரர் மறுபடி ஆர்டர் கொடுக்க வரும்போதுதான் தெரியும். ஏழு நாள் அதற்குப் போதாது. ஒரே திட்டத்தில் நான்கு அட்டவணைகள் வரை வைக்கலாம் என்பதால் தினசரி பதினான்கு, வாராந்திரம் எட்டு, மாதாந்திரம் பன்னிரண்டு என்று போட்டோம். மாறிய கட்டங்கள் மட்டுமே சேர்வதால் செலவு நான் பயந்த அளவு கூடவில்லை.

இதெல்லாம் ஒரே கணக்கின் கீழ் இருக்கிறது என்ற குறை மட்டும் பாக்கி. ஜூன் 2014இல் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் நிர்வாகத் திரைக்குள் ஒருவர் புகுந்தார். பணம் கேட்டார். நிறுவனம் கணக்கை மீட்க முயன்றபோது டிஸ்க்குகளையும் ஸ்நாப்ஷாட்டுகளையும் அழிக்கத் தொடங்கினார். நிறுவனம் அதிலிருந்து எழவே இல்லை, மூடப்பட்டது. ஸ்நாப்ஷாட்டை அழிக்கும் சாவியும் டிஸ்க்கை அழிக்கும் சாவியும் ஒரே கொத்தில் இருந்தன. அதனால் மாதாந்திர ஸ்நாப்ஷாட்டை மட்டும் வேறொரு கணக்குக்கு நகலெடுக்கிறோம். அந்தக் கணக்கின் கடவுச்சொல் அண்ணாச்சி வீட்டு பீரோவில், ஒரு கவரில் இருக்கிறது.

அன்று மாலை நான்கேகாலுக்கு மீட்ட கோப்பை அவர் திறந்து பார்த்தார். திங்கள் காலை 9.41 வரை எல்லாம் இருந்தது. திங்கள் மதியம் காகிதம் விலை ஏறியதென்று அவர் முப்பத்தெட்டு வரிகளில் போட்டிருந்த புதிய விலை மட்டும் இல்லை. அட்டவணை அதிகாலை 4 மணிக்கு ஓடியிருந்தால் அதுவும் இருந்திருக்கும். காகித மில்காரர் கொடுத்த தாளை மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டி, அந்த முப்பத்தெட்டையும் அவரே மறுபடி அடிக்க உட்கார்ந்தார். நான் அட்டவணையில் `22:30` என்று பதிந்துவிட்டு, மறுநாள் காலை பட்டியலைத் திறந்து நேரத்தைப் பார்த்தேன். 4.16.